அரை மணி நேர வட்டம்

கடை திறப்பதற்கு முந்தின வாரம், கைபேசி வரைபடத்தில் கடையை நடுவில் வைத்து எட்டு கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டேன். நீல நிறத்தில் அழகாக விழுந்தது. போடி டவுன் முழுக்க உள்ளே. தெற்கே சிலமலை உள்ளே, ராசிங்காபுரம் விளிம்பைத் தொட்டுக்கொண்டு. மேற்கே மலை. அதிலும் பாதி எனக்குத்தான். இரண்டு வருடம் சென்னையில் கணினி முன்னால் உட்கார்ந்து அடுத்தவர்களுடைய வரைபடங்களைத் திருத்திக்கொண்டிருந்தவளுக்குச் சொந்தமாக ஒரு வட்டம் கிடைத்தால் எப்படி இருக்கும்! அன்று மத்தியானம் சாப்பிடவே மறந்துவிட்டேன்.

கடை என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். ஷட்டர் போட்ட ஓர் அறை, பின்னால் அடுப்படி, மாடியில் நான் வாடகைக்கு இருந்த அறை. மதியம் கலவை சாதம், சாயங்காலம் இட்லி, இடியாப்பம், குருமா. உட்கார்ந்து சாப்பிட இடம் கிடையாது, எல்லாம் பார்சல். சமையலுக்கு ஓர் அக்கா வருவார். கொண்டுபோய்க் கொடுக்க ஓர் அண்ணன். முன்பு ஷேர் ஆட்டோ ஓட்டியவர், சொந்தமாக ஒரு மொபெட் வைத்திருந்தார்.

"ஓனரு நீயி. வேலைக்காரன் நானு. ஆனா வண்டி என்னுது, பாத்துக்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அம்மாவும் அப்பாவும் திருப்பூரில் என் கூடப்பிறந்த அண்ணன் வீட்டோடு போய்விட்டிருந்தார்கள். கூடப் படித்தவர்களில் ஒருத்திகூட ஊரில் இல்லை. நான் மட்டும் எல்லாரும் கிளம்பிப்போன ஊருக்குத் திரும்பி வந்திருந்தேன். அதை அப்போது நான் பெருமையாகவே நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில் நானே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ராசிங்காபுரம் வரை போய்ப் பார்த்தேன். ரோடு காலி. காற்று மட்டும் எதிரே வந்தது. இருபது நிமிடத்துக்குள் ஊர் எல்லை. கட்டிக் கொடுக்கப் பத்து நிமிடம். ஆக அரை மணி. அதே இடத்தில் வண்டியை நிறுத்தி, 'எட்டு கிலோமீட்டருக்குள் எங்கிருந்தாலும் அரை மணி நேரத்தில் சூடாக' என்று ஸ்டேட்டஸ் போட்டுவிட்டேன். வரைபடமும் சேர்த்து.

மூன்றாம் நாள் மலையிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி மேலே ஏறும் பாதையில், ஏதோ ஒரு ஏலத்தோட்டத்துக் குடியிருப்பு. அங்கே ஒரு மூலையில் மட்டும் சிக்னல் எடுக்குமாம். வரைபடத்தில் பார்த்தேன். வட்டத்துக்குள்ளேதான் இருந்தது.

அண்ணனிடம் காட்டினேன். அவர் கைபேசியை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"ஏத்தா, இதுல எனக்கு றெக்க வரைஞ்சிருக்கா?"

"என்னண்ணே?"

"பறந்து போனா எட்டு கிலோமீட்டரு. வண்டில போனா வளைஞ்சு வளைஞ்சு ஏறணும். என் மொபெட்டு அம்புட்டு தூரம் ஏறுச்சுன்னா நாளைக்கு அதுக்குத் தேர் இழுத்துருவோம்."

அடுப்படியிலிருந்து அக்கா சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. நானும் சிரித்தேன். கோட்டு அளவு வேறு, ரோட்டு அளவு வேறு என்பது படித்த பாடம்தானே; அவசரத்தில் விட்டுவிட்டேன். மலைப் பக்கத்தை மட்டும் அன்றைக்கே வெட்டினேன். மீதி வட்டம் அப்படியே இருந்தது.

அந்த மாதம் ஆர்டர் குறைவு. குறைவாக இருந்ததால் எல்லாம் நேரத்துக்குப் போனது. நேரத்துக்குப் போனதால் என் கணக்கு சரி என்று நம்பினேன். மதியம் பேங்க், பத்திர ஆபீஸ் ஆட்கள். சாயங்காலம் நாலைந்து வீடு. நடுவே நிறைய நேரம் சும்மா இருக்கும். அக்கா மாவரைக்கப் போய்விடுவார், அண்ணன் வண்டியிலேயே கண்ணை மூடிக்கொள்வார். ஷட்டருக்குள் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தெரிந்த முகம் ஒன்று போகாதா என்று.

அப்படி இருந்த நாட்களில்தான் ராசிங்காபுரத்துப் பெரியப்பா கூப்பிட ஆரம்பித்தார். சொந்தப் பெரியப்பா இல்லை. முதல் நாள் 'ஐயா' என்றேன். "ஐயாவெல்லாம் ஆபீஸோட போச்சு, பெரியப்பான்னு கூப்புடு" என்றார். கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி மகளின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தார். இவருக்கு வெந்நீர் போடத் தெரியும், ஆவியில் எதையாவது சூடு பண்ணத் தெரியும், அதற்கு மேல் அடுப்படியில் ஒன்றும் தெரியாது.

"என்னத்தா, இன்னைக்கு இட்லி பஞ்சா, பாறையா?"

"பஞ்சு பெரியப்பா."

"நேத்தும் அதத்தான் சொன்ன. நாலு அனுப்பு. குருமா வேணாம், எனக்குச் சீனி வியாதி. ஆமா, அங்கிட்டு மழை வருதா? இங்க மலைல கருப்பா நிக்கிது."

நாலு இட்லிக்கான பேச்சு பத்து நிமிடம் ஓடும். எருமைக்கு ஊசி போட்ட கதை, எருமை அவருக்குப் போட்ட கதை. நான் என்ன படித்தேன், ஏன் சென்னையை விட்டேன் என்றெல்லாம் கேட்பார். பதில் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசமாட்டார். அன்றைய தினத்தில் விலை, அளவு, முகவரி தவிர நான் பேசிய பேச்சு அது ஒன்றாகத்தான் இருக்கும். கடைசியில் தவறாமல் ஒரு கேள்வி: "அரை மணில வந்துருமா?"

"வந்துரும் பெரியப்பா."

அந்தக் கேள்வியை ஏன் ஒருநாளும் விடாமல் கேட்கிறார் என்று நான் யோசித்ததில்லை.

இரண்டாவது மாதம் ஜீப்பு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். காலையில் இருட்டோடு மலையேறி, ஏலக்காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்கும் பெண்கள். நாளெல்லாம் குனிந்து நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து அடுப்புப் பற்றவைக்க யாருக்கு முடியும்? ஒரு ஜீப்பில் ஒருத்தியிடம் என் நம்பர் இருந்தது. பத்து நாளில் எல்லா ஜீப்பிலும் இருந்தது.

அதில் ஒரு விசேஷம் உண்டு. மலையிலிருந்து இறங்கும் வழியில் நெடுந்தூரம் சிக்னல் இருக்காது. முந்தலுக்குக் கொஞ்சம் மேலே ஒரு வளைவில் திரும்பினால் சட்டென்று வரும். ஒரு ஜீப்பில் இருக்கிற அத்தனை கைபேசிக்கும் ஒரே நேரத்தில். பின்னாலேயே அடுத்த ஜீப்பு. அதற்குப் பின்னால் இன்னொன்று. என் கடை போன் அதுவரை கிணற்றில் போட்ட கல் மாதிரி கிடக்கும். பிறகு கால் மணி நேரத்துக்கு ஓயாது.

"அக்கா, சிலமலைக்கு ஆறு செட் இட்லி. வெரசாக் கொண்டாங்க, புள்ளைக பசியோட கெடக்கும்."

"ஏம்மா, அவளுக்கு முன்னாடி எனக்கு. நான் அவளுக்கு முன்னாடி சீட்டுல உக்காந்துருக்கேன்!"

பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம், டிரைவர் ஹாரன், யாரோ "எனக்கு இடியாப்பம்னு சொல்லுடி" என்று கத்துவது. எல்லாருக்கும் அரை மணி என்றேன். உற்சாகத்தில் சொன்னேன். கூட்டம் என்றால் எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

அண்ணனும் எனக்குத் துணை. லேட்டாகிறது என்று யாராவது அவருக்குக் கூப்பிட்டால், கடை வாசலில் நின்று பையை மாட்டிக்கொண்டே, "இந்தா, தெரு முக்குல வந்துட்டேன்" என்பார்.

"ஏண்ணே பொய் சொல்றீங்க?"

"பொய்யில்லத்தா, மரியாதி. இன்னும் கெளம்பலன்னு ஒரு மனுசன் மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்ல முடியுமா?"

எங்கள் பக்கத்தில் அது பொய்க்கணக்கில் சேராது என்பது உண்மைதான். நானும் அப்படிக் கேட்டு வளர்ந்தவள்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை. பெரியப்பா வழக்கம் போலக் கூப்பிட்டார், நாலு இட்லி என்றார், அரை மணியில் வருமா என்றார், வரும் என்றேன். பேச்சை அன்றைக்கு நான்தான் சுருக்கினேன்; முதல் ஜீப்பு வளைவில் திரும்பிவிட்டது, போன் குறுக்கே குறுக்கே விட்டு அடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் அப்போது டவுனுக்குள் மூன்று வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வந்ததும் சிலமலைப் பார்சல்களையும் ராசிங்காபுரத்தையும் சேர்த்துக் கொடுத்தேன், ஒரே ரோடுதானே என்று. சிலமலையில் ஆறு வீடு. ஒரு வீட்டில் சில்லறை இல்லை, ஒரு வீட்டில் "தண்ணி குடிச்சிட்டுப் போப்பா" என்று உட்காரவைத்துவிட்டார்கள், வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்கள். ராசிங்காபுரம் கடைசி.

ஒரு மணி நேரம் ஆகிவிட்டதைப் பார்த்து, மன்னிப்புக் கேட்கலாம் என்று பெரியப்பாவுக்கு நானே கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார்.

"பெரியப்பா, கொஞ்சம் லேட்டு…"

"யாரு?"

"நான்தான், கடைலருந்து."

"ம்… எந்தக் கட?"

குரல் வாய்க்குள்ளேயே உருண்டது.

"பெரியப்பா, என்ன செய்யிது?"

"வேர்க்குதுத்தா. கை… கை நிக்க மாட்டேங்குது. ஊசியப் போட்டுட்டேன். நீ அர மணின்னியே."

அப்போதுதான் புரிந்தது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கு முன்னால் இன்சுலின் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் டாக்டர். என் கடையும் அரை மணி என்றது. இரண்டையும் பொருத்திக்கொண்டார். என்னிடம் 'வந்துருமா' என்று கேட்டு, நான் 'வந்துரும்' என்றதும் போனை வைத்துவிட்டு ஊசியை எடுப்பது. இத்தனை நாளாக அதுதான் நடந்துகொண்டிருந்தது.

"சீனி எங்க இருக்கு பெரியப்பா? அடுப்படில? எந்திரிங்க. சுவத்தப் பிடிச்சுக்கிட்டுப் போங்க. போன வைக்காதீங்க."

டப்பா விழும் சத்தம் கேட்டது. பிறகு சப்பிச் சப்பித் தின்னும் சத்தம். "தண்ணில கலக்கிக் குடிங்க" என்றேன். பக்கத்து வீட்டுக்கு ஒரு குரல் கொடுங்கள் என்றேன். கொடுத்தார் என்று நினைக்கிறேன். குரல் சரியாக எழும்பவில்லை. அக்காவின் போனிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டு, சிலமலையை விட்டுவிட்டு நேரே ஓடச் சொன்னேன். என் போனில் ஜீப்பு ஆட்களின் அழைப்புகள் குறுக்கே வந்துகொண்டே இருந்தன. எதையும் எடுக்கவில்லை. எருமைக் கதையைத் திரும்பச் சொல்லுங்கள் என்றேன். சொல்லவில்லை. நானே சொன்னேன், தப்பும் தவறுமாக. பாதியில் அவர், "அது எரும இல்ல, கெடாரி" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. கொஞ்ச நேரத்தில் மொபெட் சத்தம் அந்தப் பக்கம் கேட்டது.

மறுநாள் அவரே கூப்பிட்டார். "ஒண்ணுமில்லத்தா, எனக்கு இது பழக்கந்தான். இனிமே பொட்டலம் கைக்கு வந்தப்பறந்தான் ஊசி. நீ மனசுல வச்சுக்காத." அதோடு இட்லி பஞ்சா, பாறையா என்று கேட்டார்.

அன்றிலிருந்து மூன்று நாள் மத்தியானங்களில் கைபேசியின் அழைப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆர்டர் வந்த நேரம் அதில் இருந்தது. பார்சலைக் கொடுத்ததும் அண்ணன் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பது வழக்கம். அந்த நேரமும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் உண்மையான நேரம். மொத்தத்துக்கும் சராசரி போட்டால் அரை மணிக்குள் வந்தது! அதோடு விட்டிருந்தால் அந்தச் சராசரியையே நம்பியிருப்பேன். மதியத்தையும் சாயங்காலத்தையும் பிரித்தேன். மதிய ஆர்டர்கள் எல்லாம் சீக்கிரம் போயிருந்தன. ஜீப்பு நேரத்தில் பத்துக்கு நாலு அரை மணியைத் தாண்டியிருந்தன. சில, ஒரு மணியையும்.

ரோட்டில் தாமதம் அதிகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்ததைவிட ஐந்தாறு நிமிடம்தான் கூட. பார்சல் கட்டிவைத்த பிறகு, வண்டி திரும்பி வருவதற்காகக் கடையில் காத்துக்கிடந்த நேரம்தான் எல்லாவற்றையும் தின்றிருந்தது. நான் போகிற நேரத்தை மட்டும் அளந்திருந்தேன். வண்டி திரும்பியும் வர வேண்டும். ராசிங்காபுரத்துக்கு ஒரு பார்சல் போனால் அண்ணன் முக்கால் மணி நேரம் எனக்கு இல்லை. அந்த முக்கால் மணியில் இரண்டு தெரு தள்ளி இருக்கிற வீடுகூடக் காத்திருந்தது. தூரத்து ஒரு வீட்டால் பக்கத்து நாலு வீட்டுக்கு லேட்டு.

ஆகவே கிலோமீட்டரை விட்டேன். ஜீப்பு நேரத்தில், கதவைத் தட்டிக் கொடுத்து, காசு வாங்கி, ஒரு வாய்த் தண்ணீரும் குடித்துவிட்டு, வண்டி அரை மணிக்குள் கடைக்குத் திரும்ப முடிகிற இடம் எதுவரை என்று பார்த்தேன். நானும் அண்ணனுமாக அந்த நேரத்திலேயே ஓட்டிப் பார்த்தோம். ஜீப்புகள் ஆட்களை இறக்கிவிடும் பக்கம் நெரிசலால் கொஞ்ச தூரத்திலேயே கோடு நின்றது. தெற்கே நேர் ரோட்டில் சற்று நீண்டது. அப்படியும் சிலமலை வரை எட்டவில்லை. வரைந்து பார்த்தால் முதல் தோசை மாதிரி இருந்தது, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு.

அடுத்த வாரம் முழுக்க யாரிடமும் சொல்லாமல் அந்தக் கோட்டுக்குள் உள்ளவற்றை முதலில் ஓட்டினோம், தூரத்து வீடுகளைக் கூட்டம் ஓய்ந்த பிறகு. கோட்டுக்குள் பத்தில் ஒன்பது முப்பத்தைந்து நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்தன. வெளியே சொல்ல நாற்பது என்று வைத்துக்கொண்டேன். மதியத்துக்குப் பழைய எல்லை, அரை மணி. ஆறு மணிக்கு மேல் இந்தத் தோசைக் கோடு, நாற்பது.

"சிலமலக்காரய்ங்க ஏசுவாய்ங்களே" என்றார் அண்ணன்.

"அவங்க ஜீப்பு இங்க டவுன் வழியாத்தான போகுது? இறங்கி வாங்கிக்கட்டும். கட்டி ரெடியா வச்சிருவோம்."

"சரி. ராசிங்காபுரம்?"

நான் கைபேசியில் கோட்டைத் தெற்கே கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன்.

"அவரு ஒருத்தருக்கு மட்டும் நான் போயிட்டு வர்றேன்த்தா. ஒரு வீடுதான."

அந்த ஒரு வீடுதான் முக்கால் மணி. இரண்டு நாள் அப்படியும் செய்து பார்த்தோம். இரண்டு நாளும் டவுனில் நாற்பது நிமிடம் பொய்த்தது. அவருக்காவது சரியாகப் போனதா என்றால், ஒருநாள் சீக்கிரம், ஒருநாள் இருட்டிவிட்டது. ஏழிலிருந்து எட்டரைக்குள் எப்போதாவது என்று சொல்வது அவரைப் போன்றவருக்கு ஒரு நேரமே இல்லை. கைக்கு வந்தபிறகுதான் ஊசி என்றால், அதுவரை பசியோடு ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் அவர் கூப்பிடுவதற்கு முன்பே நான் கூப்பிட்டேன். ஜீப்புகள் இறங்க இன்னும் நேரம் இருந்தது.

"அதிசயமா இருக்கே. இட்லி மிஞ்சிப்போச்சா?"

"பெரியப்பா, ஆறு மணிக்கு மேல ராசிங்காபுரத்துக்கு வர முடியாது. சொன்ன நேரத்துக்கு வர முடியல. வந்துரும்னு இனிமே உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

போனில் அவருக்குப் பின்னால் ஏதோ ஆடு கத்தியது.

"நாலரைக்கு அனுப்பிர்றேன். அப்ப வண்டி சும்மாத்தான் நிக்கும். நேரம் தப்பாது. வச்சிருந்து ஆவில வச்சுக்கங்க. பொட்டலம் உங்க கைல இருக்கும். எப்ப ஊசி போட்டாலும் பயமில்ல."

"ஆறிப்போன இட்லிய அவிச்சா பாறதான்."

"ஆமா பெரியப்பா."

"ஆனா கைல இருக்கும்."

"இருக்கும்."

"சரித்தா. அனுப்பு." வைத்துவிடுவார் என்று நினைத்தேன். "தெனமும் நாலு. அதுக்கு எதுக்கு தெனமும் போனு? நீயும் சோலியப் பாரு."

தினமும் நாலு. நாலரைக்கு அண்ணன் கிளம்புவார், நேரத்துக்கு மிஸ்டு கால் வரும். ஒருநாளும் தவறவில்லை. சாயங்காலம் ஜீப்புகள் வளைவில் திரும்பும், போன் ஓயாது, நாற்பது நிமிடம் என்பேன், நாற்பதுக்குள் போய்விடும். சிலமலைப் பெண்கள் இறங்கி வாங்கிக்கொண்டு, "நாங்க மட்டும் ஒனக்கு வேத்தாளா?" என்று கேலி பண்ணிவிட்டு ஏறிக்கொள்வார்கள். ஜீப்பு போய்விடும். லேட்டு என்று கூப்பிடுகிறவர்கள் இல்லாமல் போனார்கள். லேட்டு என்றால்தான் ஆட்கள் நாலு வார்த்தை கூடப் பேசுவார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இப்போது எல்லாரும் மூன்று சொல்லில் முடித்துக்கொண்டார்கள்.

பெரியப்பா முன்பெல்லாம் கூப்பிட்ட வேளையில் நான் அடுப்படிக்குப் போய் அக்காவிடம் ஏதாவது கேட்பேன். அவர் இட்லித் தட்டிலிருந்து நிமிராமல் பதில் சொல்வார்.

ஒருநாள் ராசிங்காபுரத்திலிருந்து திரும்பிய அண்ணனிடம் கேட்டேன். "எப்படி இருக்காரு?"

"நல்லாருக்காரு. கொஞ்சம் தொந்திகூட விழுந்துருக்கு. சாப்புடுதான்னு கேட்டாரு."

"யாரு?"

"நீதான். 'அந்தப் புள்ள நேரத்துக்குச் சாப்புடுதா'ன்னாரு. என்ன சொல்ல?"

மணி ஐந்தரை. காலையில் குடித்த டீக்கு அப்புறம் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

"சாப்புடுதுன்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த பார்சல்களைப் பையில் அடுக்கிக்கொண்டு கிளம்பினார்.